வன்னியின் ஒலிபெருக்கிக்காரர்களுக்கு: பாட்டுப் பட்டியலை எக்செலிலும் எழுதி வையுங்கள்

கோயில் திருவிழா, கலியாணவீடு, செத்தவீடு என்று வன்னி முழுக்கப் பாட்டுப் போடும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

கசெற்றும் சிடியும் போய், இப்போது நாம் எல்லோரும் போனில் உள்ள கணக்கை நம்பித்தான் பெட்டி கட்டுகிறோம். போன வருசம் என் யூடியூப் கணக்கு போய்விட்டது. போன் மழையில் நனைந்து செத்தது. புதுப் போனில் கணக்கைத் திறக்கக் கேட்ட குறியீடு, நான் எப்போதோ பாவனையை விட்ட பழைய சிம் எண்ணுக்குப் போகிறது. ஆறு வருசமாகச் சேர்த்த நான்கு பட்டியல்களும் அதோடு சரி. பாட்டுகள் வேறு இடங்களில் இருந்தன. ஆனால் எது எது என்பது எனக்கு ஞாபகம் இல்லை. விடியற்காலை நாலரைக்கு கோயில் ஐயா, "தம்பி, அபிசேகத்துக்கு வழமையாப் போடுற அந்தப் பழைய பாட்டு எங்க?" என்று கேட்டபோது மெட்டு மட்டும்தான் வாயில் வந்தது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். யூடியூபில் பட்டியல் வைத்திருப்பவர்கள், கணக்கு கையில் இருக்கும்போதே takeout.google.com போங்கள். எல்லாத் தெரிவையும் எடுத்துவிட்டு, YouTube and YouTube Music என்பதை மட்டும் தெரிந்து, அதற்குள்ளும் playlists மட்டும் விடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஏற்றிய வீடியோக்களும் சேர்ந்து வந்து டேட்டாவைத் தின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் மின்னஞ்சலுக்கு ஒரு இணைப்பு வரும். அது சில நாட்களில் காலாவதியாகிவிடும், உடனே இறக்குங்கள்.

பட்டியலுக்கு ஒன்றாக CSV கோப்புகள் இருக்கும். திறந்தால் ஏமாற்றமாக இருக்கும், ஏனென்றால் அதில் பாட்டின் பெயர் இல்லை. Video ID என்ற 11 எழுத்துக் குறியீடும், சேர்த்த நேரமும்தான். வீடியோவை ஏற்றியவர் நீக்கிவிட்டால் அந்தக் குறியீட்டால் ஒரு பயனும் இல்லை. யூடியூபில் Deleted video என்று வரும், பெயர்கூடத் தெரியாது. ஆகவே பெயரை நாமே எழுத வேண்டும்.

நான் புதிதாக எழுதிய வைகாசிப் பொங்கல் பட்டியலைச் சொல்கிறேன். வட்டாப்பளைப் பக்கம் போகும் வண்டிக்கும் இதே பட்டியல்தான். 63 பாட்டு. நிரல்கள் இவை: குறியீடு, இணைப்பு, பாட்டின் முதலடி, பாடியவர், நீளம், எப்போது போடுவது. இணைப்பை ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டாம். குறியீடு A நிரலில் இருந்தால் பக்கத்துப் பெட்டியில் இதை எழுதிக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
="https://www.youtube.com/watch?v="&A2
```

இணைப்பை அழுத்திப் பாட்டைக் கேட்டுக் கேட்டுப் பெயர் எழுதினேன். இரண்டு இரவு போனது. முதலடியை எழுதுவதுதான் நல்லது, ஏற்றியவர் வைத்த தலைப்பு பெரும்பாலும் "பக்திப் பாடல்கள் தொகுப்பு" என்றுதான் இருக்கும். நீளத்தை விட்டுவிடாதீர்கள். ஒரே அம்மன் பாட்டை நாலுபேர் பாடியிருப்பார்கள். ஐயா கேட்கும் பழையது 6:42, மற்றது 4:10 என்று இருந்தால் பாடியவர் பெயர் தெரியாமலே சரியானதைப் பிடித்துவிடலாம்.

இரண்டு இடத்தில் நான் தடுக்கி விழுந்தேன். சில குறியீடுகள் - என்ற கோட்டில் தொடங்கும். எக்செல் அதைக் கணக்கு என்று நினைத்து #NAME? என்று காட்டும். Google Sheets-இல் அந்த CSV-ஐ Import செய்யும்போது, Convert text to numbers, dates, and formulas என்ற தெரிவை எடுத்துவிட்டால் குறியீடு அப்படியே நிற்கும். அப்புறம், எக்செலில் வேலை முடிந்ததும் அதைச் சாதாரண CSV ஆகச் சேமித்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். XLSX ஆகவே சேமியுங்கள்.

முடிந்ததும், தாளில் உள்ள வரிசைகளையும் கணக்கில் காட்டும் பாட்டு எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். தாளில் வரிசைகள் கூடுதலாக இருந்தால், இடையில் சில பாட்டுகள் நீக்கப்பட்டு மறைந்திருக்கலாம். அவற்றின் இடத்தைச் சிவப்பாக்கி, நினைவில் உள்ளவரை என்ன பாட்டு என்று இன்றே எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். தாளை அதே கணக்கின் ட்ரைவில் வைத்தால், கணக்கோடு தாளும் போய்விடும். என்னுடையது அம்பிளிபயர் பெட்டியில் ஒரு பென் டிரைவிலும், மனைவியின் வட்ஸ்அப்பிலும் இருக்கிறது. அதில் இருப்பது பாட்டு இல்லை, விலாசம்தான். சிக்னல் எடுக்காத காட்டுக் கோயில்களுக்கு முன்கூட்டியே பாட்டை இறக்கி வைத்தே ஆகவேண்டும்.

வெற்றுத் தாளை நான் தயாரித்து வைத்திருக்கிறேன். வரும் பொங்கலுக்கு முன் பெட்டி வாடகைக்கு வாங்க வருகிறவர்கள் பென் டிரைவோடு வாருங்கள், போட்டுத் தருகிறேன். உங்கள் பட்டியலில் ஐயாமார் கேட்கும் பழைய பாட்டுகள் இருந்தால் எனக்கும் அந்த வரிகளைத் தாருங்கள். என்னுடையதில் இன்னும் பதினொரு இடம் காலியாக இருக்கிறது.

அன்புடன்,
முள்ளியவளையிலிருந்து ஒரு ஒலிபெருக்கிக்காரன்