அந்த விரிசல் மழையில் விழுந்தது: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொலைக்காட்சி, நாளிதழ், இணையச் செய்தித் தளங்களின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பேரணாம்பட்டு வட்டாரத்தில் பல ஆண்டுகள் பகுதிநேர நிருபராக இருந்தவன் நான். 2021 நவம்பரில் நான் எடுத்த ஒரு படம் போன வாரம் என் கைபேசிக்கே திரும்பி வந்தது, வேறு ஏதோ ஊரின் நிலநடுக்கம் என்ற தலைப்போடு. அதனால்தான் இந்த மடல்.

2021 நவம்பர் 29, அதிகாலை 4.17. கட்டில் ஒரு முறை உதறியது, பாத்திரங்கள் சத்தம் போட்டன, அவ்வளவுதான். சற்று நேரத்தில் தேசிய நில அதிர்வு மையத்தின் தகவல் வந்தது: அளவு 3.6, ஆழம் 25 கி.மீ., இடம் வேலூருக்கு மேற்கு-தென்மேற்கே 59 கி.மீ. ஐந்து மணிக்குச் செய்திப் பிரிவிலிருந்து போன். “விரிசல் விட்ட வீடு ஒண்ணு இருக்குமே, படம் எடுத்து உடனே அனுப்புங்க.”

எங்கள் தெருவிலேயே ஒன்று இருந்தது. அதற்குப் பத்து நாள் முன்பு, நவம்பர் 19 அன்று, அடைமழையில் பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து ஒன்பது பேர் இறந்ததை நீங்களே முதல் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். அதே மழையில் ஊறியதுதான் இந்த மண்சுவரும். இரண்டு சுவர் சேரும் மூலையில் மேலிருந்து கீழாகப் பிளந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். பிளவுக்குள் ஒட்டடை. இரண்டு உதட்டிலும் பழைய சுண்ணாம்பு இறங்கி அழுக்கேறி இருந்தது. அன்று விட்ட விரிசலாக இருந்தால் விளிம்பு கூராக, வெளுப்பாக இருக்கும், கீழே தரையில் பூச்சுப் பொடி புதிதாக உதிர்ந்து கிடக்கும். தரை துடைத்த மாதிரி இருந்தது. “இது மழையில் விழுந்த விரிசல், நிலநடுக்கத்தால் அல்ல” என்று எழுதித்தான் படத்தை அனுப்பினேன். படம் வந்தது, என் வரி வரவில்லை. “வேலூரை உலுக்கிய நிலநடுக்கம், வீடுகளில் விரிசல்” என்று ஓடியது. அதன் கீழே, “மீண்டும் பெரிய அதிர்வு வரலாம், மக்கள் பீதி.”

அந்த வீட்டில் பிரசவமாகிப் பன்னிரண்டே நாளான ஒரு பெண் இருந்தாள். பச்சை உடம்புக்காரி. டிவியில் தன் வீட்டுச் சுவரையே பார்த்தவள் கைக்குழந்தையோடு வெளியே வந்துவிட்டாள். இரண்டு ராத்திரி பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில், சாரல் அடிக்கிற பக்கம் சாக்கைக் கட்டிக்கொண்டு படுத்தாள். நான் போய், “அம்மா, இது பழைய விரிசல்தான்” என்றேன். “படம் எடுத்துப் போட்டது நீங்கதானேண்ணா, இப்ப நீங்களே இல்லன்னா எப்படி நம்புறது?” என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. மழையில் ஊறிய வீட்டை விட்டு அவள் முன்பே வெளியேறியிருக்க வேண்டும், அது வேறு. அதற்கு வருவாய்த் துறை மாற்றிடம் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் நீங்கள் சொன்ன காரணம் பொய், நீங்கள் தந்த பயமும் பொய்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். முதல் சில மணி நேரத்தில் அளவு, ஆழம், சேதம் ஆகிய மூன்றையும் யார் சொன்னது, எத்தனை மணிக்குச் சொன்னது என்று சேர்த்துப் போடுங்கள். மாறினால், மாறியது என்று சொல்லுங்கள்.

முதலில் வரும் அளவு தற்காலிகமானது. இன்னும் சில நில அதிர்வு நிலையங்களின் பதிவு சேர்ந்ததும் கூடும், குறையும். 2011 மார்ச்சில் வந்த ஜப்பான் நிலநடுக்கத்தை அந்நாட்டு வானிலை முகமை முதலில் 7.9 என்றது, கடைசியில் 9.0 என்றது. யாரும் மறைத்ததில்லை, கணக்கு முடியவில்லை, அவ்வளவுதான். இரண்டு அமைப்புகள் இரண்டு எண் சொன்னால், பெரியதை எடுத்துத் தலைப்பில் வைப்பது செய்தியாகாது. அந்த 59 கி.மீட்டரையும் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். ஆம்பூரைத் தாண்டி வாணியம்பாடிப் பக்கம் போய் விழுகிறது, அது திருப்பத்தூர் மாவட்டம். வேலூர் என்பது தூரம் அளக்க எடுத்துக்கொண்ட ஊர் மட்டுமே. அந்தத் தலைப்பைப் பார்த்துப் பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கிற பிள்ளைகள் சத்துவாச்சாரிக்கும் காட்பாடிக்கும் போன் போட்டுப் பதறினார்கள்.

ஆழத்தை நீங்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. “25 கி.மீ. ஆழத்தில்” என்பதை ஏதோ பாதாளத்திலிருந்து பூதம் கிளம்பியது போல வாசிக்கிறார்கள். 25 கி.மீ. ஆழம் என்றால், அந்த இடத்துக்கு நேர் மேலே நிற்பவரும் அதிர்வின் மூலத்துக்கு 25 கி.மீ. தள்ளி நிற்கிறார் என்று பொருள். அதே அளவு அதிர்வு மேலோட்டமாக வந்தால்தான் உதறல் அதிகம். 2025 பிப்ரவரி 17 காலை டெல்லியில் வந்தது 4.0 தான். ஆனால் ஆழம் 5 கி.மீ., நகரத்துக்கு அடியிலேயே. அதனால்தான் உறுமல் சத்தத்தோடு ஊரையே எழுப்பியது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்கத்தில் நிலையம் இல்லாவிட்டால் ஆழத்தைச் சரியாகக் கணிக்க முடியாது. பிடிபடாதபோது 10 கி.மீ. என்று ஒரு முழு எண்ணை வைத்துக் கணக்குப் போடுவதும் உண்டு. முதல் மணி நேரத்து ஆழத்தின் மேல் ஒரு முழுக் கட்டுரை எழுப்பாதீர்கள்.

சேதத்தில் எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. “சேதம் பற்றித் தகவல் இல்லை” என்பதும் “சேதம் இல்லை” என்பதும் ஒன்றல்ல. 2001 ஜனவரி 26 குஜராத்தில் அகமதாபாத் இடிபாடுகள்தான் முதலில் திரையில் வந்தன. எல்லாவற்றையும்விட அடிபட்ட பூஜ் பக்கம் தொலைத்தொடர்பே அறுந்துபோயிருந்தது. பேச்சு வராத ஊர் பிழைத்த ஊர் என்று எண்ணிவிடக் கூடாது.

அன்று அதிகாலை ஐந்து மணிக்கு இப்படிப் போட்டிருக்கலாம்:

“இன்று அதிகாலை 4.17 மணிக்கு வேலூருக்கு மேற்கு-தென்மேற்கே 59 கி.மீ. தொலைவில், 3.6 அளவில் நில அதிர்வு பதிவானதாகத் தேசிய நில அதிர்வு மையம் தெரிவித்துள்ளது. ஆழம் 25 கி.மீ. இவை முதற்கட்ட எண்கள். இந்த அளவு அதிர்வு பொதுவாக உணரப்படும், உறுதியான கட்டடங்களைப் பாதிப்பது அரிது. சேதம் குறித்து வட்டாட்சியரிடமிருந்து ஐந்து மணி வரை தகவல் இல்லை. மழையில் ஊறிய மண்சுவர் வீடுகளில் இருப்போர் வெளியே வந்து சுவரைப் பார்த்துக்கொள்ளவும்.”

இதில் பயமுறுத்தல் எங்கே இருக்கிறது? எச்சரிக்கையோ முழுதாக இருக்கிறது. இனி வராது என்று எழுதச் சொல்லவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 23 மதியம் 3.14 மணிக்கு 3.5 அளவில் இன்னொன்று வந்ததே. எப்போது வரும், எவ்வளவு வரும் என்று நேரம் குறிக்க யாராலும் முடியாது என்பதை மட்டும் எழுதுங்கள். “வரலாம்” என்று தனியாக ஒரு சொல்லை ராத்திரி முழுக்க ஓடவிட்டால், படிக்கிறவர்களுக்கு அது “வரும்” என்றுதான் கேட்கிறது.

உள்ளூர் நிருபருக்கு ஒரு படத்துக்கு நீங்கள் கொடுக்கும் காசு பெட்ரோலுக்கே காணாது, அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். ஆனால் இடத்தில் நின்று பார்த்தவன் படத்தோடு அனுப்பும் வரியை வெட்டாதீர்கள். யார் சொன்னது, எத்தனை மணிக்குச் சொன்னது என்று போடுங்கள். என் படம் உங்கள் களஞ்சியத்தில் இன்னும் இருந்தால் அதன் கீழே “மழையில் விழுந்த விரிசல், பேரணாம்பட்டு வட்டாரம், 2021 நவம்பர்” என்று எழுதி வைக்கும்படித் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்குப் போகிறது. அவள் அம்மாவிடம் அந்தத் திருத்தத்தை நான் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
பேரணாம்பட்டு வட்டார முன்னாள் நிருபர்