முகத்தை மறைத்துவிட்டால் போதுமா? அனிமேஷன் படங்களைப் பார்வையிடும் ஆலிம்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலிம் பெருமக்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாற்றைச் சிறுவர்களுக்காக அனிமேஷனாக எடுப்பவர்கள் தங்கள் திரைக்கதையை உங்களைப் போன்ற அறிஞர் குழுக்களிடம் காட்டி ஒப்புதல் பெறுகிறார்கள். நான் அத்தகைய படங்களுக்கு, ஒவ்வொரு ஷாட்டையும் முன்கூட்டியே படமாக வரைந்து திட்டமிடும் ஸ்டோரிபோர்டு வரைபவன். உங்கள் ஒப்புதல் குறிப்புகளில் பெரும்பாலும் ஒரே ஒரு நிபந்தனைதான் இருக்கிறது: முகத்தைக் காட்டக் கூடாது, ஒளியாகவோ அடையாளமாகவோ காட்டிக்கொள்ளலாம். இந்த நிபந்தனை எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்த பிறகு என்ன ஆகிறது என்பதை விளக்கி, அதைத் திருத்தி எழுதும்படி கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

முதலில் ஒளியைப் பற்றிச் சொல்கிறேன். திரைக்கதையில் "ஒளி தோன்றுகிறது" என்று ஒரு வரி இருக்கும். அதை அசைக்க வேண்டிய கலைஞர், தொழிலில் கற்றதையே செய்வார். ஒரு பொருளுக்கு உயிர் இருப்பதாகத் தோன்றச் செய்வதுதான் அவருடைய தொழில். ஆகவே அந்த ஒளி ஆளுயரத்துக்கு நிற்கும், நடக்கும்போது மெல்ல ஏறி இறங்கும், யாராவது பேசினால் அவர் பக்கம் சற்றுச் சாயும். நான் பணியாற்றிய ஒரு படத்தின் முன்னோட்டத்தைச் சில குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டியபோது, அவர்களில் ஒரு சிறுமி திரையைத் தொட்டு, "அவங்க இப்ப திரும்பிப் பார்த்தாங்க" என்றாள். திரையில் இருந்தது முகமே இல்லாத வெண்மை மட்டும்தான். ஆனால் திரும்பிப் பார்க்கிற ஒன்றுக்கு முகம் உண்டு என்று அந்தக் குழந்தை முடிவு செய்துவிட்டாள். அவள் மீது தவறில்லை. நாங்கள்தான் அப்படி அசைத்திருந்தோம்.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் உஸ்மானிய சுல்தான் மூன்றாம் முராத் வரையச் செய்த நபி வரலாற்று ஓவியங்களில் முகத்தின் மேல் வெண்திரையும் உருவத்தைச் சுற்றிச் சுடர்களும் இருக்கின்றன. அதை முன்னுதாரணமாகக் காட்டுகிற தயாரிப்பாளர்கள் உண்டு. அப்படி வரைவது கூடுமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் அவை அசையாத ஓவியங்கள். ஏட்டில் நின்ற சுடர் வேறு, நொடிக்கு 24 ஃப்ரேம்களில் நடந்து வருகிற சுடர் வேறு. உருவங்காட்டுவதைத் தடுக்கும் மற்றொரு சமயத்தாரான பஹாயிகள் இந்த வேறுபாட்டைக் கவனித்திருக்கிறார்கள். ஒளியைப் பயன்படுத்தினாலும் அது அந்தப் புனிதரையே ஆளாக உருவகப்படுத்துவதுபோல் தோன்றக் கூடாது என்பது அவர்களது வழிகாட்டுதல். நம் குறிப்புகளில் இந்த ஒரு வாக்கியம் இல்லை.

ஒளியால் வருகிற இன்னொரு சிக்கல் வரலாறு சார்ந்தது. அதை ஒரு காட்சியைக் கொண்டே சொல்கிறேன்.

622இல் நபிகளார் குபாவில் வந்து இறங்கியதைப் பற்றி ஸஹீஹ் புகாரியில் உள்ள அறிவிப்பு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அபூபக்கர் (ரலி) எழுந்து நின்று மக்களை வரவேற்கிறார்கள். நபிகளார் மௌனமாக அமர்ந்திருக்கிறார்கள். அதுவரை நபிகளாரைப் பார்த்திராத அன்ஸாரிகள் அபூபக்கருக்கு ஸலாம் சொல்லத் தொடங்குகிறார்கள். வெயில் நபிகளார் மேல் படுகிறது. அபூபக்கர் வந்து தம் மேலாடையால் நிழல் பிடிக்கிறார்கள். அப்போதுதான் நபிகளார் யார் என்பது மக்களுக்குத் தெரிகிறது.

இந்தக் காட்சியில் நாங்கள் வழக்கம்போல் ஓர் ஒளியை உட்கார வைத்தால் என்ன ஆகும்? ஒளி வீசுகிறவரை விட்டுவிட்டு மக்கள் வேறொருவருக்கு ஸலாம் சொன்னார்கள் என்றாகிவிடும். பார்க்கிற குழந்தைக்கு அன்ஸாரிகள் கண் தெரியாதவர்களாகத் தோன்றுவார்கள். கூட்டத்தோடு கூட்டமாக, வேறுபாடு தெரியாத எளிமையில் ஒருவர் அமர்ந்திருந்தார் என்பதுதான் அந்த அறிவிப்பின் உயிர். நாங்கள் மரியாதை என்று எண்ணிச் சேர்க்கிற ஒளி அதையே அழித்துவிடுகிறது.

இதே காட்சியை நான் வேறு விதமாக வரைந்து பார்த்தேன். மூத்த கலீஃபாக்களையும் காட்டக் கூடாது என்னும் கண்டிப்பான நிலைப்பாட்டையே எடுத்துக்கொண்டேன். ஆகவே அபூபக்கரின் உருவமும் சட்டகத்துக்குள் இல்லை. சட்டகத்தில் வந்து சேரும் மக்கள் மட்டும் இருக்கிறார்கள். அவர்கள் பார்வை இடப்புறம், சட்டகத்துக்கு வெளியே, நிற்கும் ஒருவரின் உயரத்துக்குச் செல்கிறது, ஸலாம் சொல்கிறார்கள். அடுத்த ஷாட்டில் வெறும் மணல். பேரீச்ச மர நிழலின் விளிம்பு மெல்ல விலகி வெயில் ஏறுகிறது. பிறகு ஒரு துணியின் நிழல் அந்த மணல்மேல் விழுகிறது. மனித நிழல் கிடையாது, துணியின் நிழல் மட்டும். மீண்டும் மக்கள். ஒரு முதியவரின் பார்வை முன்பு பார்த்த இடத்திலிருந்து கீழே, அமர்ந்திருக்கும் ஒருவரின் உயரத்துக்கு இறங்குகிறது. பிறகு அடுத்தவரின் பார்வை, பிறகு எல்லோருடையதும். ஒளியும் குரலும் உருவமும் இல்லாமல், அறிவிப்பில் உள்ள வரிசையிலேயே காட்சி முடிந்துவிடுகிறது.

இதில் எளிதில் கெட்டுப்போகக்கூடியது மக்களின் பார்வைதான். முப்பரிமாண மென்பொருளில் ஒரு புள்ளியை வைத்து எல்லாக் கண்களையும் அதனோடு கட்டிவிடலாம். அப்படிக் கட்டினால் ஐம்பது பேரின் கண்கள் துல்லியமாக ஒரே இடத்தில் குவியும். பார்ப்பவர் மனத்தில் அந்த வெற்றிடத்தில் இரண்டு கண்கள் முளைத்துவிடும். கட்டாமல் விட்டால் கூட்டம் ஆளுக்கொரு திசையில் பராக்குப் பார்ப்பதுபோல் இருக்கும். இதற்கு வழி உங்கள் துறையிலேயே கிடைத்தது. ஹுதைபிய்யாவில் தூது வந்த உர்வா இப்னு மஸ்ஊத், தோழர்கள் மரியாதையின் காரணமாக நபிகளாரை உற்றுப் பார்ப்பதில்லை என்று திரும்பிப்போய்ச் சொன்ன செய்தியை ஓர் ஆலிம் எனக்கு எடுத்துக்காட்டினார். அதன்படி சிலர் ஒரு கணம் பார்த்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்துவதாக வரைந்தேன். கண்கள் குவிவது நின்றது. காட்சியும் முன்பைவிட உண்மையாக இருந்தது.

கேமராவையே நபிகளாரின் கண்ணாக்கும் முறையைப் பற்றி உங்கள் தீர்ப்பு தெளிவாக வேண்டும். முஸ்தஃபா அக்காதின் 1976ஆம் ஆண்டுப் படமான 'தி மெஸேஜ்' இந்த முறையைப் பரவலாக்கியது. அதில் நபிகளாரின் உருவமும் இல்லை, குரலும் இல்லை. பாத்திரங்கள் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள். அலீ (ரலி) அவர்களுக்கு இரு நுனிகள் கொண்ட துல்ஃபிகார் வாளே அடையாளம். நடிகர்களை வைத்து எடுத்த படத்தில் அது அன்றைக்கு ஒரு நேர்மையான தீர்வு என்றே நினைக்கிறேன். ஆனால் அனிமேஷனில் நாங்கள் அந்தக் கேமராவுக்கு நடையின் குலுங்கலைச் சேர்க்கிறோம், இமைப்பதுபோல் ஒரு கணம் இருட்டாக்குகிறோம், சில வேளை சட்டகத்தின் அடியில் கையின் நிழலையும் வைத்துவிடுகிறோம். விளையாட்டுச் செயலிகளில் பழகிய குழந்தைக்கு அது "நான்தான் அவர்" என்ற இடம். முகத்தை மறைக்கப் போய் அவருடைய உடலுக்குள் பார்வையாளரை அமர்த்திவிடுகிறோம். இது கூடும் என்றால் கூடும் என்றும், கூடாது என்றால் கூடாது என்றும் எழுத்தில் தாருங்கள். எங்களுக்கு இப்போது இருப்பது மௌனம் மட்டுமே.

இனி குரல். நபிகளாரின் குரலாக எவரும் பேசக் கூடாது என்பதை எல்லோரும் ஏற்கிறார்கள். ஆகவே கதைசொல்லி ஒருவர் ஹதீஸை எடுத்துச் சொல்கிறார். தமிழில் இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. நம் மொழியில் "என்று சொன்னார்கள்" என்பது வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. மதீனாவுக்குள் ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்து ஒவ்வொருவரும் தம் வீட்டுக்கு அழைத்தபோது சொல்லப்பட்ட பதிலை எடுத்துக்கொள்ளுங்கள். "அதன் வழியில் விடுங்கள், அதற்குக் கட்டளை இடப்பட்டிருக்கிறது" என்று கதைசொல்லி உணர்ச்சியோடு தொடங்கினால், "என்று நபிகளார் சொன்னார்கள்" என்பதை எட்டும் வரை கேட்பவர் காதில் ஒலிப்பது ஒரு பாத்திரத்தின் குரல்தான். திரையில் ஒட்டகமும் கயிறும் கூட்டமும் இருக்கும் வேளையில் அந்தச் சில நொடிகளே போதும். போதாக்குறைக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்த வரிக்கு மட்டும் எதிரொலி சேர்ப்பார்கள். அதே எதிரொலியைக் குர்ஆன் வசனத்தின் மொழிபெயர்ப்புக்கும் சேர்ப்பதால், எது இறைவசனம், எது நபிமொழி என்பதே குழந்தைக்குக் குழம்பிவிடுகிறது. "நபிகளார் சொன்னார்கள்" என்பதை முதலில் வைத்து, பிறகு பதிலைச் சமமான குரலில், எதிரொலி இல்லாமல் படித்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். எழுத்து வடிவத் திரைக்கதையில் இவ்விரண்டுக்கும் வேறுபாடு தெரியாது, ஒலியில்தான் தெரியும்.

எதிரில் இருப்பவர் பேசும் வசனத்தையும் கவனியுங்கள். நபிகளாரின் பேச்சு கேட்காததால், அதை விளங்க வைக்க எழுத்தாளர் மற்றவர் வாயில் பதிலைத் திணிப்பார்: "நாளைக்கே புறப்பட வேண்டும் என்கிறீர்களா?" நபிகளார் அப்படிச் சொன்னதாக எந்த அறிவிப்பிலும் இல்லாமல் இருக்கலாம். குரல் இல்லை என்பதால் யாரும் அதைச் சரிபார்ப்பதில்லை.

நான் கேட்பது இதுதான். ஒப்புதலைத் திரைக்கதையில் ஒரு முறையும் முடிந்த படத்தில் ஒரு முறையும் தருவதற்குப் பதிலாக, நடுவில் அனிமேட்டிக் கட்டத்தில் எங்களோடு அமருங்கள். அது வரைபடங்களை உரிய நேர அளவில் அடுக்கி, தற்காலிகக் குரலோடு ஓடவிட்ட கரட்டு வடிவம். அந்தக் கட்டத்தில் ஒரு ஷாட்டை மாற்ற ஓரிரு நாள் போதும். கணினியில் இறுதிப் படத்தை உருவாக்கும் ரெண்டர் முடிந்த பிறகு நீங்கள் "இந்த ஒளி ஆள்போல் இருக்கிறதே" என்று சொன்னால், தயாரிப்பாளர் அதைச் சற்று மங்கலாக்கிக் கொண்டுவருவார். மங்கலான ஆள் நடந்துகொண்டிருப்பார்.

அந்த அமர்வில் அனிமேட்டிக்கை முதல் முறை ஒலியில்லாமல் ஓடவிட்டு, கதை தெரியாத ஒரு குழந்தையிடம் "நபிகளார் எங்கே இருக்கிறார்கள்?" என்று கேட்கச் சொல்கிறேன். குழந்தை சட்டகத்துக்கு வெளியே கையை நீட்டினால் அந்த ஷாட் நிற்கலாம். திரையின் மேலேயே விரலை வைத்தால், அங்கே இருப்பது ஒளியானாலும் துணியானாலும், அந்த ஷாட்டைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டோரிபோர்டு கலைஞன்