ஏலத்தில் எடுத்த காருக்கு ஆர்சி மாற்றித் தராதது குறித்த புகார்

பெறுநர்:
குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்,
வாகனக் கடன் பிரிவு, தலைமை அலுவலகம்

பொருள்: தவணை கட்டாததால் தாங்கள் கைப்பற்றி ஏலத்தில் விற்ற கார். முழுப் பணமும் கட்டி வண்டியை எடுத்த பிறகும் பெயர் மாற்றம் செய்ய முடியாத நிலை.

ஐயா / அம்மா,

தங்கள் நிறுவனத்தின் ஆன்லைன் ஏலத்தில் 3,10,000 ரூபாய்க்கு ஒரு கார் எடுத்தேன். பணம் முழுவதையும் கட்டி, டெலிவரி ஆர்டர் வாங்கி, யார்டிலிருந்து வண்டியையும் கொண்டுவந்துவிட்டேன். ஆனால் ஆர்சியில் இன்றைக்கும் பழைய கடன்தாரர் பெயர்தான் இருக்கிறது. ஏலப் பட்டியலில் அந்த லாட்டுக்கு நேரே, ‘ஆர்சி இல்லை, டிரான்ஸ்ஃபர் பேப்பர்கள் டெலிவரியிலிருந்து 45 நாளில்’ என்று போட்டிருந்தீர்கள். அதை நம்பித்தான் ஏலம் கேட்டேன். அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. தங்கள் கிளைக்கு எத்தனை முறை போனாலும் ஒரே பதில்தான்: “இருக்கிற நிலையில், இருக்கிற இடத்தில்னுதானே சார் வித்தோம், கையெழுத்துப் போட்டிருக்கீங்களே.”

அந்த நிபந்தனைக்கு நான் கட்டுப்பட்டவன்தான். அதனால் வண்டியின் நிலைமை பற்றி ஒரு வார்த்தை கூடப் புகார் சொல்லவில்லை. யார்டில் வண்டியைப் பார்த்தபோது பேட்டரி செத்துக் கிடந்தது. மீட்டர் எரியாததால் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்றே தெரியவில்லை. பின் டயர் இரண்டும் காற்றிறங்கி ரிம் தரையில் உட்கார்ந்திருந்தது. சாவி ஒன்றுதான். வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்க யார்டில் விடவில்லை. பானெட்டைத் திறந்து, சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொள்ள மட்டும் விட்டார்கள். இதெல்லாம் தெரிந்துதான் விலை கேட்டேன். அதே மாடல், அதே வருடத்து வண்டி எங்கள் ஊர் டீலரிடம் 4 லட்சம். ஆக, 90,000 ரூபாய் லாபம் போலத் தெரிந்தது. அதில் ஏலக் கம்பெனியின் கட்டணம் 9,300, யார்டு வாடகை 2,400, இன்சூரன்ஸ் இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டக்கூடாது என்பதால் லாரியில் ஏற்றி வந்த கூலி 6,500, டயர், பேட்டரி, பிரேக் வேலை எல்லாம் சேர்த்து 31,000, இரண்டாவது சாவிக்கு 7,000 போனது. மிச்சம் 33,800. அது என் கணக்கு, அதைத் தங்களிடம் கேட்கவில்லை.

நான் கேட்பது வேறு. டயர் தேய்ந்திருப்பது வண்டியின் நிலை. வண்டியை என் பெயருக்கு மாற்றித் தருவது விற்றவரின் கடமை. 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், 14ஆம் பிரிவு, விற்பவருக்கு அந்தப் பொருளை விற்கும் உரிமை இருக்கிறது என்பதையே விற்பனையின் அடிப்படை நிபந்தனையாக வைக்கிறது. ‘இருக்கிற நிலையில்’ என்ற ஒரு வரியைக் காட்டி அந்தக் கடமையிலிருந்து தாங்கள் விலக முடியாது.

கிளையில் எனக்குக் கொடுத்த காகிதங்கள் மூன்று: படிவம் 29, படிவம் 30, படிவம் 35. முதல் இரண்டிலும் விற்பவர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தங்கள் மேலாளரின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. ஆர்டிஓ அலுவலகத்தில் கவுண்ட்டரில் இருந்த அம்மா படிவத்தை என் பக்கம் திருப்பி, அந்தக் கையெழுத்தின் மேல் விரல் வைத்துச் சொன்னார்: “ஆர்சில ஒரு பேரு, இங்க ஒரு கையெழுத்து. எப்படி மாத்துறது? ஃபைனான்ஸ்காரங்களை முதல்ல அவங்க பேருக்கு 36 போட்டு வாங்கிட்டு வரச் சொல்லுங்க.” அவர் சொன்னது முற்றிலும் சரி. ஆர்சியில் பெயர் உள்ளவர்தான் வண்டியை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க முடியும்.

கடன்தாரர் ஆர்சியைத் தர மறுத்தாலோ தலைமறைவாகிவிட்டாலோ என்ன செய்வது என்பதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 51, உட்பிரிவு 5 வழி சொல்கிறது. வண்டியைக் கைப்பற்றிய ஃபைனான்ஸ் நிறுவனம் படிவம் 36இல் விண்ணப்பிக்க வேண்டும். ஆர்டிஓ பழைய உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பி, அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுப்பார். அதன் பிறகு பழைய ஆர்சியை ரத்து செய்து நிறுவனத்தின் பெயரில் புது ஆர்சி தரலாம். பழைய ஆர்சி கையில் இல்லாவிட்டாலும் இதைச் செய்ய முடியும். ஆகவே ‘ஆர்சி பார்ட்டிகிட்ட மாட்டிக்கிச்சு’ என்று கிளையில் சொல்லும் காரணம் எடுபடாது. இந்த விண்ணப்பத்தை நான் போட முடியாது. ஆர்சியில் அடமானம் பெற்றவராகப் பதிவாகியிருக்கும் தாங்கள்தான் போட வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது படிவம் 35. அது கடன் அடமானத்தை நீக்கும் படிவம். “முதல்ல ஹெச்பி கேன்சல் பண்ணுங்க சார், மத்ததை அப்புறம் பாக்கலாம்” என்றார் தங்கள் ஊழியர். அதன்படி செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆர்சியில் தங்கள் பெயர் போய்விடும். பழைய கடன்தாரர், எந்தக் கடனும் இல்லாத காருக்குச் சொந்தக்காரராகப் பதிவேட்டில் நிற்பார். 51(5)இன் கீழ் விண்ணப்பிக்கத் தங்களுக்கும் பிடி இருக்காது. புதிதாக ஏலம் எடுப்பவர் யாராக இருந்தாலும் மூன்று படிவம் கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்றுதான் நினைப்பார். தயவுசெய்து இப்படி யோசனை சொல்வதை நிறுத்தச் சொல்லுங்கள்.

பழைய உரிமையாளரின் கையெழுத்தை ‘ஏற்பாடு செய்து’ தருவதாக, கிளை வாசலில் நின்ற ஏஜென்ட் 8,000 ரூபாய் கேட்டார். பொய்க் கையெழுத்து போட்ட காகிதத்தில் என் பெயரைச் சேர்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தங்கள் ஊழியர் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இன்னொன்று, அபராதம். வண்டி எண்ணுக்கு நான்கு இ-சலான் பாக்கி இருக்கிறது. அதில் ஒன்று, தாங்கள் கைப்பற்றிய தேதிக்கு அடுத்த நாள், வண்டியை யார்டுக்கு ஓட்டிப் போனபோது விழுந்தது. ஏலப் பட்டியலில் இவை பற்றி ஒரு வரி கூட இல்லை.

ஆர்சி மாறாததால் இன்சூரன்ஸை என் பெயரில் எடுக்க முடியவில்லை. அது இல்லாமல் வண்டியை வெளியே எடுப்பது குற்றம். வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது. இதை வாங்க நகையை வைத்து எடுத்த 2 லட்சத்துக்கு மாதம் 2,000 ரூபாய் வட்டி போகிறது. எனக்கு மிஞ்சியதாகச் சொன்ன 33,800ஐ இந்த வட்டி தின்றுகொண்டிருக்கிறது.

எனவே, இக்கடிதம் கிடைத்த 15 நாளில் படிவம் 36ஐ வண்டி பதிவான ஆர்டிஓ அலுவலகத்தில் தாக்கல் செய்து அதன் ஒப்புகைச் சீட்டின் நகலை எனக்கு அனுப்புங்கள். தங்கள் பெயருக்கு ஆர்சி வந்தவுடன் படிவம் 29, 30ஐ முறைப்படி கையெழுத்திட்டுத் தாருங்கள். டெலிவரி தேதிக்கு முந்தைய சலான்கள் நான்கையும் தாங்களே கட்ட வேண்டும். கெடு தாண்டிய நாளிலிருந்து என் நகைக்கடன் வட்டியும் தங்கள் பொறுப்பு. இவற்றைச் செய்ய இயலாது என்றால் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஏலத் தொகையையும் மேலே சொன்ன 56,200 ரூபாய் செலவையும் திருப்பித் தாருங்கள்.

30 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் புகாரை எடுத்துச் செல்வேன்.

இணைப்பு: ஏலப் பட்டியலின் பக்கம், பணம் கட்டிய ரசீது, டெலிவரி ஆர்டர், கிளையில் தந்த மூன்று படிவங்களின் நகல், இ-சலான் பட்டியல்.

இப்படிக்கு,
ஏலத்தில் வண்டியை வாங்கியவர்