அவர் பேசாத தமிழுக்கு அவர் பொறுப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எடுத்து முடித்த வீடியோவை, அதில் பேசியவரின் குரலையே கம்ப்யூட்டரில் நகலெடுத்து வேறு மொழிக்கு மாற்றுவது பற்றி போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செலவும் நேரமும் எவ்வளவு மிச்சமாகிறது என்று விரிவாக எழுதியிருந்தீர்கள், அது உண்மைதான். ஆனால் யாருடைய குரலை எடுக்கிறார்களோ அவர் எதற்குச் சம்மதித்தார், வந்த தமிழை யார் கேட்டுப் பார்த்தார்கள் என்ற இரண்டும் கட்டுரையில் இல்லை. பல வருடங்களாக டப்பிங்குக்கு வசனம் எழுதுகிறவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

சமீபத்தில் ஒரு விவசாயப் பயிற்சி வீடியோ என்னிடம் சரிபார்க்க வந்தது. ஆங்கிலத்தில் பேசியவர் ஒரு வேளாண் விஞ்ஞானி. 10 லிட்டர் தண்ணீருக்கு 15 மில்லி மருந்து என்கிறார். தமிழில் அவருடைய குரலிலேயே 50 மில்லி என்று வருகிறது. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் வேகமாகப் பேசும்போது காதுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். முதலில் பேச்சை எழுத்தாக்கும் கட்டத்திலேயே அது தவறாக விழுந்துவிட்டது, அதற்குப் பிறகு மொழிபெயர்ப்பும் குரலும் அந்தத் தப்பைப் பிசகில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டன. இத்தனைக்கும் திரையில் 15 என்று எழுத்து ஓடுகிறது. மனிதர்கள் டப்பிங் செய்தால் வசனம் எழுதுகிறவரும் மைக் முன்னால் நிற்கிறவரும் படத்தைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்வார்கள், யாராவது ஒருவர் நிறுத்திக் கேட்டிருப்பார். இங்கே ஒலியை மட்டும்தான் எடுத்து வேலை பார்த்திருக்கிறார்கள், படத்தை யாரும் பார்க்கவில்லை.

அதே வீடியோவில் இன்னொரு இடம். மதிய வெயிலில் மருந்து அடிக்கக் கூடாது என்று சொல்ல ஆங்கிலத்தில் ஒன்றரை விநாடி போதும். தமிழில் அதற்கு இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். அடுத்த ஷாட் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் குரலை வேகப்படுத்திவிடுகிறார்கள், கடைசி அசைகள் நசுங்கிப் போகின்றன. நம் மொழியில் வேண்டாம், கூடாது, இல்லை எல்லாமே வாக்கியத்தின் கடைசியில்தானே வருகின்றன? ‘மருந்து அடிக்க’ வரைக்கும் தெளிவாகக் கேட்கிறது, ‘கூடாது’ மட்டும் பின்னணி இசையில் கரைந்துவிட்டது. நான் எழுதியிருந்தால் ‘மதியத்தில் வேண்டாம்’ என்று இரண்டே சொல்லில் முடித்து, மருந்து அடிப்பது படத்தில் தெரிவதால் அதை விட்டிருப்பேன். நேரம் போதாவிட்டால் சொல்லைக் குறைக்க வேண்டும், வேகத்தைக் கூட்டக் கூடாது.

சரி, 50 மில்லி அடித்துப் பயிர் கருகினால் விவசாயி யாரைத் திட்டுவார்? திரையில் தெரிகிற அந்த விஞ்ஞானியைத்தான். முகம் அவருடையது, குரலும் அவருடையது, ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது, தன் குரல் என்ன சொல்கிறது என்று அவரால் கேட்டுத் தெரிந்துகொள்ளவே முடியாது. நான் விசாரித்த வரையில் அவர் கையெழுத்துப் போட்டது ஆங்கில வீடியோவுக்கு மட்டும்தான். இன்றைக்கு ஒருவர் குரலை நகலெடுக்க ஒரு நிமிடப் பதிவே போதும் என்ற நிலை, அதனால் எடுத்து முடித்த எந்த வீடியோவிலிருந்தும் அவரைக் கேட்காமலே குரலை எடுத்துவிடலாம்.

சம்மதம் வாங்கினாலும் அது எந்த அளவுக்கு என்ற பிரச்சினை இருக்கிறது. ஹாலிவுட் நடிகர் ஸ்டாலோனுக்கு பிரெஞ்சில் பல பத்தாண்டுகள் குரல் கொடுத்தவர் அலன் டோர்வால். 2024 பிப்ரவரியில் இறந்துவிட்டார். 2025 ஜனவரியில், ஸ்டாலோனின் புதுப் படத்துக்கு டோர்வாலின் குரலை மறுபடி உருவாக்கியிருப்பதாக, கம்ப்யூட்டர் குரல் தயாரிக்கும் இலெவன்லேப்ஸ் நிறுவனம் அறிவித்தது. உடனே அவருடைய மகள், நாங்கள் ஒத்துக்கொண்டது ஒரு சோதனைக்கு மட்டும்தான், இறுதி முடிவு குடும்பத்தின் ஒப்புதலோடுதான் என்று பகிரங்கமாகச் சொன்னார். வெளியான மாதிரியைக் கேட்ட பிரெஞ்சு ரசிகர்களும் குரலில் உயிரே இல்லை என்று குறைப்பட்டார்கள். குடும்பத்தைக் கேட்டுத்தான் ஆரம்பித்திருக்கிறார்கள், ஆனால் சோதனைக்குக் கொடுத்த சம்மதத்துக்கும் வெளியீட்டுக்குத் தரும் சம்மதத்துக்கும் நடுவே இருக்கிற தூரத்தை யாரும் மதிக்கவில்லை என்பதுதான் குடும்பத்தின் வருத்தம்.

நம் ஊர் டப்பிங் கலைஞர்களுக்கு வரும் சில ஒப்பந்தங்களில் ‘எல்லா வடிவத்திலும், எல்லாக் காலத்துக்கும்’ என்று ஒரு வரி இருக்கும். நகல் குரல் என்ற பேச்சே இல்லாத காலத்தில் எழுதிய வரி அது. இன்றைக்கு அதைக் காட்டியே குரலை எடுத்துக்கொள்ள முடியும் என்று என் நண்பர்கள் பயப்படுகிறார்கள், அந்தப் பயம் நியாயமானது.

அதனால் ஒப்பந்தத்தில் எந்த வீடியோ, எந்தெந்த மொழி, எத்தனை வருடம் என்று தனித்தனியாக எழுத வேண்டும். அந்த மொழி தெரிந்த ஒருவர், குரலுக்கு உரியவரின் சார்பில், படத்தோடு சேர்த்து முழுதாகக் கேட்டு ஒப்புதல் தந்த பிறகே வெளியிட வேண்டும், அப்படிக் கேட்டுப் பார்க்கிறவருக்குச் சம்பளமும் தர வேண்டும். உங்கள் இதழின் யூடியூப் பேட்டிகளும் இந்தியில் வரப்போவதாகக் கட்டுரையின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அதில் பேசியவர்களிடம் இதைக் கேட்டுவிட்டீர்களா என்று அடுத்த இதழில் தெரிவித்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
டப்பிங் வசனம் எழுதும் வாசகர் ஒருவர்,
சென்னை