ரிப்போர்ட்டில் இரண்டாவது வரி

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. நீ அனுப்பிய மலப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. குடியாத்தத்தில் ஊர்க்காரர் மலத்தையெல்லாம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தே உன்னைப் படிக்க வைத்தவன் நான். என்னிடம் மழுப்பாதே.

"அமீபாதான்பா, மாத்திரை போட்டேன்" என்கிறாய். ரிப்போர்ட்டில் இரண்டு வரி இருக்கிறது, நீ ஒன்றைத்தான் படித்திருக்கிறாய்.

முதல் வரியில் ஹிஸ்டாலிடிகா சிஸ்ட் என்று இருக்கிறது. ஹிஸ்டாலிடிகா என்பது நோய் உண்டாக்கும் அமீபா. சிஸ்ட் என்பது அமீபா ஓடு கட்டிக்கொண்டு வெளியேறும் நிலை. குடல் சுவரை அரித்து ரத்தம் வரவைப்பது ஓடில்லாமல் நகரும் ட்ரோபோசாய்ட். அதற்குள் சிவப்பணு தெரிந்தால் லேபில் உடனே எழுதிவிடுவோம். அந்த நிலையில் பெரும்பாலும் சளியும் ரத்தமுமாகப் பேதி போகும். உனக்குப் பேதியே இல்லையே! ரிப்போர்ட்டில் ஹிஸ்டாலிடிகா என்று இருந்தாலும், ஒரு கெடுதலும் செய்யாத டிஸ்பார் என்கிற அமீபாவின் சிஸ்ட்டும் அச்சு அசல் அப்படியேதான் இருக்கும். பார்த்துப் பிரிக்க என்னாலும் முடியாது. நீ போட்ட மெட்ரோனிடசோல் சிஸ்டைச் சரியாக ஒழிக்காது, அதற்கு டைலோக்சனைடு என்று வேறு மாத்திரை உண்டு. உனக்கு அது தேவையா என்று டாக்டரைக் கேள்.

எனக்குக் கவலை அடுத்த வரிதான். அக்கல்ட் பிளட் பாசிட்டிவ், அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவில் மலத்தில் ரத்தம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டன் சாப்பிட்டதால் இருக்கும் என்று நீ நினைக்கலாம். எங்கள் காலத்துக் குவையாக் முறையில் அது சரி. ஆட்டு ரத்தத்துக்கும் பச்சை முள்ளங்கிக்கும்கூட நீலம் காட்டிவிடும், அதனால் சில நாள் நிறுத்தச் சொல்லுவோம். உன் ரிப்போர்ட்டில் எஃப்ஐடி என்று போட்டிருக்கிறது. அது மனித ஹீமோகுளோபினை மட்டும் பிடிக்கிற முறை. மட்டன்மேல் பழி போட முடியாது. இரைப்பையில் கசிகிற ரத்தம் வழியிலேயே செரித்துவிடுவதால், இதில் பாசிட்டிவ் வந்தால் பெருங்குடல் பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மூலமாக இருக்கலாம். பெரும்பாலும் பெரிய நோயாக இருப்பதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மூலம்தான் என்று பார்க்காமலே முடிவு செய்யக்கூடாது. உன் சித்தப்பா விஷயம் உனக்குத் தெரியும். சிரசுத் திருவிழாவுக்கு வந்தபோதே உன் முகம் வெளுத்திருந்தது, ஹீமோகுளோபினும் 10.2 என்கிறாய். ஆம்பிளைக்கு அது குறைவு.

இன்னொரு தடவை டெஸ்ட் எடுத்துப் பார்க்கிறேன் என்று கிளம்பாதே. குடலில் பாலிப் என்கிற சதை வளர்ச்சி இருந்தால் ஒருநாள் ரத்தம் கசியும், ஒருநாள் கசியாது. அடுத்தது நெகட்டிவ் வந்தாலும் இந்தப் பாசிட்டிவ் போகாது. கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனாஸ்கோபிதான் செய்யவேண்டும். முதல் நாள் குடலைக் கழுவ மருந்து குடிப்பதுதான் தொல்லை, மற்றது மயக்கத்தில் முடிந்துவிடும். பாலிப் இருந்தால் பெரும்பாலும் அப்போதே எடுத்துவிடுவார்கள். ரத்தம் இளக மாத்திரை ஏதாவது போட்டால் முன்பே சொல்லிவிடு.

ஆபீஸில் லீவு கிடைக்காது என்று சொல்லாதே. அங்கே முடியாவிட்டால் வேலூருக்கு வா, நான் கூட வருகிறேன். மருமகளிடம் சொன்னாயா? நீயே சொல், நான் சொன்னால் பயந்துவிடுவாள். அம்மாவிடம் அமீபா என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

கொலனாஸ்கோபிக்குத் தேதி வாங்கியதும் எழுது. போனையும் எடு.

அப்பா