குழாய்த் தண்ணீரும் சேறும் ஒன்றல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடையில் வெண்பன்றியை நாளுக்கு இருமுறை குளிப்பாட்டினால் போதும், சேற்றில் விட வேண்டாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். வளர்ப்போர் இதை அப்படியே பின்பற்றினால் நடுப்பகலில் பன்றி திணறும்.

பன்றியின் தோலில் வியர்வைச் சுரப்பிகள் இருந்தாலும், வெயிலுக்கு அவை வேலை செய்வதில்லை. மாடு வியர்த்துத் தணித்துக்கொள்ளும் சூட்டைப் பன்றி முக்கியமாக வெளியிலிருந்து கிடைக்கும் ஈரத்தால்தான் தணிக்க முடியும். வெறும் தண்ணீர் பெரும்பாலும் வழிந்து போய்விடும். மிஞ்சியதும் கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். சேறு தோலோடு ஒட்டி, ஈரத்தைப் பிடித்து வைத்து மெல்ல விடுகிறது. 1965-இல் இங்கிராம் என்ற ஆய்வாளர் அளந்து பார்த்தபோது, சேறு பூசிய தோலில் இரண்டு மணி நேரத்துக்கு மேலும் நீர் ஆவியாகிக்கொண்டிருந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 90 கிலோ பன்றியின் உடல் சூடு ஒரு டிகிரி இறங்க ஏறத்தாழ 75 கிலோகலோரி வெளியேற வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி போகும். அப்படியானால் 130 மில்லி, ஒரு சிறு டம்ளர் நீர், தோலிலிருந்து ஆவியானால் போதும். ஆனால் அந்த வெப்பத்தில் ஒரு பங்கு காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் வருவதால் உண்மையில் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். கடற்கரையோரப் புழுக்கத்தில் ஆவியாவதே மந்தம். அங்கே சேற்றோடு நிழலும் காற்றோட்டமும் இருந்தால்தான் பயன்.

அடுத்தது தோல். கறுப்பு நாட்டுப்பன்றிக்கு நிறமே காப்பு. யார்க்‌ஷயர் போன்ற வெண்பன்றிக்கு முடியும் குறைவு, நிறமியும் இல்லை. வெயில் பட்டுக் காதும் முதுகும் சிவந்துவிடும், தொட்டால் பன்றி துடிக்கும், பிறகு தோல் உரியும். உலர்ந்த சேற்றுப் படலம் வெயிலை மறைக்கிறது. காய்ந்த சேற்றை மரத்தில் தேய்த்து உதிர்க்கும்போது ஒட்டுண்ணிகளும் கொஞ்சம் போகலாம். ஆனால் பேன், சொறிக்கு அதை மருந்தாக நம்பக் கூடாது.

சேறு நோய் பரப்பும் என்ற அச்சத்திலும் நியாயம் உண்டு. சாணமும் மூத்திரமும் கலந்த குட்டை எலிக்காய்ச்சலையும் குடற்புழுவையும் பரப்பும். அதனால் சேற்றுக்குழியை நிழலில், சாணம் போடும் மூலைக்கு எதிர்ப்பக்கத்தில் வெட்ட வேண்டும். ஒரு சாண் ஆழம் போதும். நாறத் தொடங்கினால் சேற்றை வாரிவிட்டு மண்ணைப் புதிதாகப் போட வேண்டும்.

இடம் கிடைத்தால் பன்றி தன் சாணத்திலிருந்து விலகித்தான் படுக்கும். அது சாணத்திலேயே புரண்டால் சூடு தாங்கவில்லை என்று பொருள். வாயைத் திறந்து வேகமாக மூச்சு வாங்கினால் நிலைமை முற்றிவிட்டது.

குழி வெட்ட வசதியில்லாத சிமெண்ட் தரைக் கொட்டகையில் தெளிப்பானை ஓரிரு நிமிடம் விட்டு, பிறகு இருபது நிமிடம் நிறுத்த வேண்டும். தோல் உலரும் அந்த இடைவெளியில்தான் சூடு இறங்குகிறது.

இப்படிக்கு,
பன்றி வளர்ப்போர் சிலர்,
செங்கல்பட்டு மாவட்டம்