பட்டியல் யார் பொறுப்பு?

ஐயா,

வேலூரில் நகைச்சீட்டு நடத்தும் ஒரு கடை, தீபாவளி குறுஞ்செய்தி அனுப்பும் வேலையைப் பகுதிநேர இளைஞர் ஒருவரிடம் கொடுத்தது. கொடுத்த வாடிக்கையாளர் பட்டியல் கோப்பில் கைப்பேசி எண்ணுடன் முகவரி, திருமண நாள், மாதத் தவணை எல்லாம் இருந்தன. குறுஞ்செய்திக்குப் பெயரும் எண்ணும் போதாதா? மற்ற பத்திகளை நீக்கிவிட்டுக் கொடுப்பது கடைக்காரரின் வேலை. கூடுதலாக வந்தால் திருப்பி அனுப்புவது இளைஞரின் வேலை.

வெளியாளிடம் கொடுத்தாலும் பொறுப்பு கடைக்கே என்கிறது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அவரோடு ஒப்பந்தம் வேண்டும். தேவை முடிந்ததும் அவரிடமுள்ள பிரதியையும் அழிக்கச் செய்ய வேண்டும். கணினியில் அழித்தால் போதாது. மின்னஞ்சல் இணைப்பு, வாட்ஸ்அப், கைப்பேசியின் பதிவிறக்கக் கோப்புறை ஆகியவற்றிலும் பிரதி கிடக்கும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

அதே இளைஞர் போட்டிக் கடைக்கும் வேலை செய்வதில் தவறில்லை, பிழைப்பு அது. ஆனால் பட்டியல் கூடவே போகக் கூடாது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வேறெங்கும் தராத தன் எண் ஒன்றை, புனைபெயருடன் கடைக்காரர் பட்டியலில் சேர்த்துவைக்கலாம். அந்தப் பெயரை விளித்து வேறு கடையின் விளம்பரம் வந்தால், பட்டியல் கசிந்திருக்கிறது. கசியவிட்டது யார் என்று தெரிய, ஆளுக்கொரு புனைபெயர் வேண்டும்.

– ஒரு வாசகர், காட்பாடி